மூன்றாவது நிரையிலிருந்து ஏன் பூச்சியம் வருகிறது?

கேள்வி: சேர், சம்மாந்துறையில் ஒரு நெல் கொள்வனவு நிலையத்தில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு முன் இருந்தவர் எக்செல் தாளில் நெல் வகையை முதல் நிரையில் மட்டும் எழுதிவிட்டு, அதன் கீழே உள்ள கலங்களை வெறுமையாக விட்டிருக்கிறார். வகைவாரியாகக் கூட்டினால் முதல் நிரையின் எடை மட்டும்தான் வருகிறது. பக்கத்து நிரலில் `=IF(A2="",A1,A2)` என்று போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வகையிலும் இரண்டாவது நிரை சரியாக வருகிறது, மூன்றாவதிலிருந்து 0 வருகிறது. சில தாள்களில் வகைக்கு வகை மொத்தமும் போட்டிருக்கிறது. ஆயிரத்துக்கு மேல் நிரைகள் இருக்கின்றன. கையால் நிரப்பாமல் சூத்திரத்தால் செய்து முடிக்க வழி உண்டா?
— சம்மாந்துறை வாசகி

பதில்: அன்பின் சகோதரிக்கு,

வழி உண்டு. நீங்கள் பாதி வழி வந்தும் விட்டீர்கள். உங்கள் சூத்திரத்தில் மாற்ற வேண்டியது ஒரே ஓர் எழுத்துத்தான். ஆனால் எந்த எழுத்தை, ஏன் மாற்றுகிறோம் என்று தெரிந்திருந்தால் நாளைக்கு வேறு தாளில் வேறு விதமாகச் சிக்கினாலும் நீங்களே அவிழ்த்துக்கொள்ளலாம்.

உங்கள் தாளைப் போலவே சின்னதாக ஒன்றை வைத்துப் பார்ப்போம். ஊர்களும் எடைகளும் உதாரணத்துக்காக நான் போட்டவை.

```
     A            B               C     D
1    நெல் வகை     ஊர்             மூடை  கிலோ
2    நாடு         நிந்தவூர்        40    2640
3                 சம்மாந்துறை      25    1650
4                 இறக்காமம்       60    3960
5    சம்பா        மல்வத்தை        18    1170
6                 வளத்தாப்பிட்டி   30    1980
7    கீரிச்சம்பா   காரைதீவு        22    1430
8                 அக்கரைப்பற்று    15    990
```

இந்த நிலையில் `SUMIF` போட்டால் நாடு 2640, சம்பா 1170, கீரிச்சம்பா 1430 என்று வரும். மூன்றையும் கூட்டினால் 5240 கிலோ. D நிரலை நேரே கூட்டினாலோ 13,820 கிலோ. மிச்சம் 8580 கிலோ எங்கும் போகவில்லை, வகைப் பெயர் இல்லாத நிரைகளில் கிடக்கிறது. கண்ணால் பார்க்கிற எங்களுக்கு இறக்காமம் நிரை நாடுதான் என்று தெரியும். எக்செலுக்கு ஒரு கலத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும், மேலே என்ன இருக்கிறது என்று அது தானாகப் பார்க்காது.

உங்கள் சூத்திரம் மூன்றாவது நிரையில் என்ன செய்கிறது என்று இப்போது பாருங்கள். அதைக் கீழே இழுத்தபோது நாடு வகையின் மூன்றாவது நிரையில், அதாவது தாளின் நான்காம் நிரையில், அது `=IF(A4="",A3,A4)` என்று மாறியிருக்கும். A4 வெறுமை, ஆகவே A3 ஐப் போய்க் கேட்கிறது. A3 உம் வெறுமைதானே. வெறுமையான கலத்தைச் சூத்திரம் எடுத்துக் காட்டினால் எக்செல் அதை 0 என்றுதான் காட்டும். உங்களுக்கு வரும் பூச்சியம் இதுதான். இரண்டாவது நிரை சரியாக வந்தது, அதற்கு மேலே உள்ள A கலத்தில் உண்மையாகவே பெயர் இருந்ததால் மட்டும்.

ஆக, மேலே கேட்க வேண்டியது A நிரலிடம் அல்ல. சூத்திரம் தான் இருக்கும் நிரலிலேயே, தனக்கு மேலே ஏற்கெனவே வந்த விடையைக் கேட்க வேண்டும். E நிரலை எடுத்து, E1 இல் ‘வகை’ என்று தலைப்பு எழுதுங்கள். பிறகு E2 இல் இதைப் போடுங்கள்:

```
=IF(A2<>"",A2,E1)
```

A2 இல் ஏதும் எழுதியிருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் எனக்கு மேலே உள்ள E கலத்தில் இருப்பதை எடு. இவ்வளவுதான். உங்கள் சூத்திரத்தில் A1 ஐ E1 ஆக்கினாலும் இதே விடைதான். கீழே இழுத்தால் E3 இல் A3 வெறுமை, ஆகவே E2 இல் உள்ள ‘நாடு’ வரும். E4 இல் A4 வெறுமை, ஆகவே E3 ஐப் பார்க்கும். அங்கே இப்போது ‘நாடு’ இருக்கிறது, அதுவும் இறங்கும். E5 இல் A5 இல் ‘சம்பா’ இருப்பதால் பழைய பெயர் அங்கே நின்றுவிடும், புதியது தொடங்கும். ஒரு வகைக்குக் கீழே நானூறு வெறும் கலங்கள் இருந்தாலும் பெயர் கைமாறிக் கைமாறி வந்து சேரும்.

ஆயிரம் நிரைக்கு மவுசைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். E2 கலத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தை இரட்டைச் சொடுக்கினால் பக்கத்து நிரலில் தரவு இருக்கும் வரைக்கும் தானாக இறங்கும். தாளின் நடுவில் முழு வெறுமையாக ஒரு நிரை இருந்தால் அங்கே நின்றுவிடும், ஆகவே கடைசி நிரை வரை வந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிடுங்கள். சூத்திரத்தைப் போட்டதும் விடைக்குப் பதிலாகச் சூத்திரமே எழுத்தாக நின்றால் அந்த நிரல் `Text` என்று வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதை `General` ஆக்கி, E2 இல் `F2` அழுத்தி `Enter` கொடுத்துவிட்டுத் திரும்ப இறக்குங்கள்.

இனி வகைவாரிக் கூட்டலில் A ஐ விட்டுவிட்டு E ஐக் காட்டுங்கள்:

```
=SUMIF(E:E,"நாடு",D:D)
```

நாடு 8250, சம்பா 3150, கீரிச்சம்பா 2420. மூன்றும் சேர்ந்து 13,820. D நிரலின் மொத்தத்தோடு ஒத்துப்போகிறது.

இங்கே ஒரு சின்ன விடயம். அம்பாறை, மட்டக்களப்புப் பக்கத்துப் பழைய கணக்குத் தாள்கள் பல பாமினி எழுத்துருவில் அடித்தவை. கலத்தில் ‘நாடு’ என்று தெரியும், ஆனால் உள்ளே இருப்பது `ehL` என்ற ஆங்கில எழுத்துகள். கலத்தைத் தெரிவுசெய்து மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள், அங்கே அதன் உண்மை உருவம் தெரியும். நிரப்பும் சூத்திரத்துக்கு இதனால் கேடில்லை, அது இருப்பதை அப்படியே இறக்கும். ஆனால் `SUMIF` இல் நீங்கள் யூனிகோட்டில் ‘நாடு’ என்று அடித்தால் அது பாமினி ‘நாடு’வோடு ஒருபோதும் ஒத்துப்போகாது, பூச்சியம்தான் வரும். வகைப் பெயரை அடிக்காமல் `=SUMIF(E:E,A2,D:D)` என்று அந்தப் பெயர் இருக்கும் கலத்தையே காட்டினால் இந்தத் தொல்லை இல்லை. தாளில் பாதி பாமினி, பாதி யூனிகோட் என்று கலந்திருந்தால் முதலில் `Find and Replace` இல் ஒரு பக்கமாக மாற்றிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஒரே நாடு இரண்டு வகையாகக் கூடும்.

அடுத்தது, வெறுமை போல் தெரிந்தும் வெறுமையில்லாத கலங்கள். இன்னொருவர் தட்டச்சு செய்த தாளில் இது அநேகமாக இருக்கும். கலத்தை அழிப்பதற்கு `Delete` அழுத்தாமல் இடைவெளிக் கட்டையைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் பலருக்கு உண்டு. அப்படியான கலத்தில் ஓர் இடைவெளி எழுத்து உட்கார்ந்திருக்கும். `A4<>""` என்று கேட்டால், ‘ஆம், ஏதோ இருக்கிறது’ என்று எக்செல் அந்த இடைவெளியை எடுத்து E4 இல் வைக்கும். அதற்குக் கீழே உள்ளவையும் அந்த இடைவெளியையே பெறும். அடையாளம் இதுதான்: E நிரலில் பெயர்கள் ஒழுங்காக இறங்கிக்கொண்டு வந்து, திடீரென்று ஓர் இடத்தில் ஒன்றும் இல்லாமல் போகும், அடுத்த வகை தொடங்கும் வரை அப்படியே இருக்கும். சந்தேகமான கலத்துக்கு `=LEN(A4)` போட்டுப் பாருங்கள். 0 வந்தால் சூத்திரத்துக்குப் பிரச்சினை இல்லை. 1 அல்லது அதற்கு மேல் வந்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

இதற்கு நான் வழமையாகவே சூத்திரத்தை இப்படி எழுதுவேன்:

```
=IF(TRIM(A2)<>"",TRIM(A2),E1)
```

`TRIM` முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை வெட்டிவிடும். வெறும் இடைவெளி மட்டும் உள்ள கலம் அப்போது வெறுமையாகக் கணிக்கப்படும். இதில் இரண்டாவது இலாபமும் இருக்கிறது. ‘சம்பா’ என்று ஓரிடத்திலும் கடைசியில் இடைவெளியோடு ‘சம்பா ’ என்று இன்னோரிடத்திலும் அடித்திருந்தால் `SUMIF` இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கும். `TRIM` போட்டபின் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இணையப் பக்கத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ ஒட்டிய தரவில் சில வேளை `TRIM` க்கும் அசையாத இடைவெளி ஒன்று வரும். `=CODE(A4)` போட்டால் சாதாரண இடைவெளிக்கு 32 வரும், இந்தப் பிடிவாதக்காரனுக்கு 160 வரும். அப்படி வந்தால் `TRIM(A2)` வரும் இரண்டு இடத்திலும் `TRIM(SUBSTITUTE(A2,CHAR(160),""))` என்று மாற்றிவிடுங்கள். உங்கள் தாள் கையால் அடித்தது என்பதால் இது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

சரி, நீங்கள் சொன்ன மொத்த நிரைகளுக்கு வருவோம். இது கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். அவை எந்த நிரலில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் கேடு வரும்.

‘மொத்தம்’ என்ற சொல் B நிரலில் இருந்து, A வெறுமையாக இருந்தால், நிரப்பும் சூத்திரம் அந்த நிரைக்கும் ‘நாடு’ என்று பெயர் வைத்துவிடும். பிறகு `SUMIF` நாட்டின் 8250 ஐக் கூட்டி, அதோடு மொத்த நிரையில் இருக்கும் 8250 ஐயும் கூட்டி 16,500 என்று தரும். விடை சரியாக இரண்டு மடங்காக வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், காரணம் இதுதான். மொத்த நிரைகளை அழிக்கச் சொல்லமாட்டேன், முதலாளி அதைப் பார்த்துத்தான் கணக்குக் கேட்பார். பெயர் இறங்குவதை அப்படியே விட்டுவிட்டு, கூட்டும் இடத்தில் அவற்றை ஒதுக்குங்கள்:

```
=SUMIFS(D:D,E:E,"நாடு",B:B,"<>மொத்தம்")
```

சிலர் இந்த இடத்தில் நிரப்பும் சூத்திரத்தையே மாற்றி, மொத்த நிரை வந்தால் E இல் வெறுமையைக் காட்டு என்று எழுதுவார்கள். வெறும் நிரைகளில் பெயர் வந்து அசிங்கமாக இருக்கிறதே என்று `=IF(D2="","",IF(A2<>"",A2,E1))` என்று போடுபவர்களும் உண்டு. பார்வைக்குத் துப்புரவாகத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சூத்திரம் மேலிருந்து கீழே கை கோத்து நிற்கிற ஒரு வரிசை. நடுவில் ஒருவர் கையை விட்டால் அவருக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒன்றும் வந்து சேராது. ஒரு வகையின் நடுவிலே ஒரு வெறும் நிரை இருந்து, அதற்குக் கீழே அதே வகை தொடர்ந்தால், அந்தத் தொடர்ச்சி முழுவதும் பெயரில்லாமல் போகும்.

வெறும் நிரைகளில் பெயர் தெரியவே கூடாது என்றால் கை கோக்காத இன்னொரு சூத்திரம் இருக்கிறது:

```
=IF(D2="","",LOOKUP(2,1/(A$2:A2<>""),A$2:A2))
```

இது E நிரலைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு நிரையிலும் A2 இலிருந்து அந்த நிரை வரைக்கும் உள்ள A கலங்களை மட்டும் பார்க்கிறது. பெயர் உள்ள கலங்களுக்கு 1 ஐ 1 ஆல் வகுத்து 1 வருகிறது, வெறும் கலங்களுக்கு 1 ஐப் பூச்சியத்தால் வகுத்துப் பிழை வருகிறது. அதில் 2 ஐத் தேடச் சொல்கிறோம். 2 எங்கும் இல்லை, பிழைகளை `LOOKUP` கணக்கில் எடுக்காது, ஆகவே கடைசியாக நின்ற 1 இல் போய் நின்று அதற்கு நேரே உள்ள பெயரை எடுத்து வரும். அதாவது மேலே உள்ளவற்றில் கடைசிப் பெயர். கெட்டிக்காரச் சூத்திரம்தான், ஆனால் பாரம் கூடியது. ஆயிரமாவது நிரை ஆயிரம் கலங்களைப் பார்க்க வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் நிரைக்குத் தாங்கும். இருபதாயிரம் நிரைக்குப் போட்டால் ஒவ்வொரு தடவை எதையாவது மாற்றும்போதும் கணினி யோசித்துக்கொண்டே இருக்கும். உங்களுக்கு முதல் சூத்திரம் போதும் என்பதே என் அபிப்பிராயம்.

‘மொத்தம்’ A நிரலிலேயே எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. பெரும்பாலும் அதற்கு அடுத்த நிரையில் புதிய வகைப் பெயர் தொடங்கிவிடும், ஆகவே ஒரு நிரையோடு போய்விடும். ஆனால் பழைய பேரேட்டுப் பழக்கத்தில் பக்கக் கடைசியில் மொத்தம் போட்டு, அடுத்த பக்கத்தில் அதே வகையைத் தொடர்ந்திருந்தால், தொடரும் நிரைகளுக்கெல்லாம் ‘மொத்தம்’ என்பதே வகையாகிவிடும். அப்படி இருந்தால் அந்தச் சொல்லையும் வெறுமை போலவே எண்ணச் சொல்லுங்கள்:

```
=IF(OR(TRIM(A2)="",TRIM(A2)="மொத்தம்"),E1,TRIM(A2))
```

அப்போது கூட்டும் சூத்திரத்தில் `B:B` க்குப் பதில் `A:A` போட்டு ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் இரண்டு மடங்குதான்.

இப்போது E நிரல் முழுவதும் நிரம்பிவிட்டது. இந்த இடத்தில் பலரும் நேரே வரிசைப்படுத்தப் போவார்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். E இல் இருப்பவை இன்னும் பெயர்கள் அல்ல, சூத்திரங்கள். ஒவ்வொன்றும் ‘எனக்கு மேலே யார்?’ என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது. நிரைகள் இடம் மாறினால் மேலே இருப்பவர் மாறுவார், விடையும் மாறும்.

எங்கள் சின்னத் தாளைக் கிலோவின்படி குறைந்ததிலிருந்து கூடியதுக்கு வரிசைப்படுத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 990 கிலோ அக்கரைப்பற்று நிரை முதலில் வரும். அதன் A வெறுமை, மேலே இருப்பது E1 தலைப்பு. ஆகவே அதன் வகை ‘வகை’ என்றே ஆகிவிடும். அடுத்து 1170 சம்பா, 1430 கீரிச்சம்பா. அதற்குப் பின் 1650 சம்மாந்துறை, உண்மையில் நாடு, இப்போது மேலே இருப்பதைப் பார்த்துக் கீரிச்சம்பா. 1980 வளத்தாப்பிட்டி, உண்மையில் சம்பா, அதுவும் கீரிச்சம்பா. கடைசி இரண்டும், 2640 உம் 3960 உம், தற்செயலாக நாடாகவே நிற்கும். கீரிச்சம்பா 2420 இலிருந்து 5060 ஆக ஏறிவிட்டது, நாடு 6600 ஆக இறங்கிவிட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. D நிரலின் மொத்தம் அப்போதும் அதே 13,820 தான். வகைக்கு வகை கிலோ விலை வேறாக இருக்கிற நெல் கணக்கில் இது சின்ன விடயமில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே வரிசைப்படுத்துவதற்கு முன் சூத்திரங்களைப் பெயர்களாக்கிவிட வேண்டும். E2 இலிருந்து கடைசிக் கலம் வரை தெரிவுசெய்து `Ctrl+C`, இடத்தை விட்டு அசையாமல் `Ctrl+Alt+V`, பிறகு `V`, `Enter`. இது `Paste Special` இல் `Values` என்பதைத் தெரிவதுதான். ஒரு கலத்தைத் தொட்டுப் பாருங்கள், சூத்திரப் பட்டையில் `=IF` இல்லாமல் ‘நாடு’ என்று மட்டும் இருந்தால் முடிந்தது. அதன் பிறகு எப்படி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். A நிரலை அழிக்காமல் மறைத்து வையுங்கள், பின்னால் சந்தேகம் வந்தால் முதலில் எழுதியிருந்தது எது, நாங்கள் நிரப்பியது எது என்று அது சொல்லும். தாளின் ஒரு பிரதியைத் தொடக்கத்திலேயே எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

E என்று தனி நிரல் வேண்டாம், A யிலேயே நிரப்பினால் போதும் என்றால் வேறொரு குறுக்கு வழி இருக்கிறது. A2 இலிருந்து கடைசி நிரை வரை தெரிவுசெய்து `F5` அழுத்துங்கள். `Special` ஐத் தெரிந்து அதில் `Blanks` ஐத் தெரிந்தால் வெறும் கலங்கள் மட்டும் தெரிவாகி நிற்கும். எங்கும் சொடுக்காமல் `=` அடித்து மேல் அம்புக்குறியை ஒரு தடவை தட்டி, `Ctrl+Enter` கொடுத்தால் எல்லாக் கலங்களும் ஒரே நேரத்தில் நிரம்பும். A3 இல் `=A2`, A4 இல் `=A3` என்று இருக்கும். உங்கள் சூத்திரத்தில் பூச்சியம் தந்த அதே A3 இங்கே வேலை செய்வதற்குக் காரணம், A3 தானும் நிரம்பிவிட்டதுதான். இதையும் உடனே `Values` ஆக்கிவிட வேண்டும்.

வேகமான வழி. ஆனால் உங்கள் தாளுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். இது மூலத் தரவின் மேலேயே எழுதிவிடுகிறது, மொத்த நிரைகளையும் சேர்த்து நிரப்பிவிடுகிறது. இடைவெளி தட்டிய கலங்களை வெறுமையென்று எண்ணாமல் தாண்டிப் போய்விடும். கலங்கள் வெறுமையாகத் தெரிந்தும் `No cells were found.` என்று செய்தி வந்தால் அவற்றுக்குள் ஏதோ இருக்கிறது என்று பொருள். முன்பு சொன்ன `LEN` 0 காட்டினாலும் இது நடக்கலாம். வெறுமையைத் தருகிற சூத்திரத்தை `Values` ஆக ஒட்டிய கலம் அப்படித்தான் நடந்துகொள்ளும். முதலில் சொன்ன `IF` சூத்திரம் அந்தக் கலங்களைச் சரியாகவே கையாளும்.

உங்கள் நிலையத்தில் `Microsoft 365` அல்லது `Excel 2024` இருந்தால், அல்லது கூகுள் ஷீட்ஸில் வேலை செய்தால், இழுக்கிற வேலையே இல்லாமல் E2 இல் ஒரே சூத்திரத்தால் முழு நிரலையும் நிரப்பலாம்:

```
=SCAN("",A2:A1200,LAMBDA(m,x,IF(TRIM(x)<>"",TRIM(x),m)))
```

`m` என்பது இதுவரை கையில் வைத்திருக்கும் பெயர், `x` என்பது இப்போது பார்க்கும் கலம். கலத்தில் பெயர் இருந்தால் அதைக் கையில் எடுக்கும், இல்லாவிட்டால் கையில் இருப்பதையே வைக்கும். E3 இலிருந்து கீழே வெறுமையாக இருந்தால்தான் இது விரியும். பழைய எக்செலில் `#NAME?` என்று வரும், அப்போது முதல் சூத்திரத்துக்கே திரும்புங்கள்.

இனி எந்தச் சூத்திரத்தாலும் தீர்க்க முடியாத ஒன்று. முன்பு இருந்தவர் ‘மேலே உள்ளதுதான்’ என்ற பொருளில் விட்ட வெறுமையும், வகையை எழுத மறந்து விட்ட வெறுமையும் தாளில் ஒரே மாதிரித்தான் இருக்கும். சம்பா தொடங்கும் நிரையில் பெயர் விடுபட்டிருந்தால் அந்தச் சம்பா முழுவதும் நாட்டோடு சேர்ந்துவிடும், கூட்டலும் அழகாக ஒத்துப்போகும். இதைப் பிடிக்க `=COUNTIF(E:E,"நாடு")` என்று ஒவ்வொரு வகைக்கும் எத்தனை நிரை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வகை எதிர்பார்த்ததை விட மிகக் கூடுதலாக இருந்தால், அதன் கீழ்ப்பகுதியை நிறுவைச் சிட்டைகளோடு ஒத்துப் பாருங்கள். மூடை ஒன்றின் எடை, விலை, திகதி ஓரிடத்தில் சட்டென்று மாறுகிறதா என்பதும் துப்புத் தரும்.

வகை நிச்சயமில்லாத நிரையை வெறுமையாக விடாமல் A இல் ‘சரிபார்க்க’ என்று எழுதி வையுங்கள். சூத்திரம் அதையும் ஒரு வகையாக எடுத்துக் கீழே இறக்கும் என்பதால், அதற்கு அடுத்த நிரையின் A கலத்தில் சரியான வகைப் பெயரைத் திரும்பவும் எழுதிவிட வேண்டும். புதிய பதிவுகளுக்கோ இந்தச் சூத்திரமே தேவையில்லை. வெறும் A கலத்தில் நின்று `Ctrl+D` அழுத்தினால் மேலே உள்ள பெயர் அப்படியே வந்துவிடும், நிரைக்கு ஒரு தடவைதான்.